நீலகிரித் தைலம் போட்டுத் துடைத்த லேப்டாப்: யாருக்காவது அனுபவம் உண்டா?

குன்னூர்க்காரி
மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் மேகம் புகுந்து புகுந்து, லேப்டாப் மூடியிலும் கை வைக்கும் இடத்திலும் பூஞ்சை பிடித்துவிட்டது. இங்கே எதற்கும் தைலம்தானே! மாமியார் பஞ்சில் தைலத்தைத் தொட்டு மூடி, கீபோர்டு, திரை எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டார். பூஞ்சை சுத்தமாகப் போய்விட்டது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் திரையின் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வானவில் நிறத்தில் ஒரு படலம். ஸ்பேஸ் பாரும் விரலில் லேசாக ஒட்டுகிறது. பளபளப்பில்லாத மேட் திரை, தொடுதிரை இல்லை. இனி என்ன செய்யலாம்?

கோத்தகிரி_தேயிலை
எங்கள் ஃபேக்டரி ஆபீஸில் தேயிலைத் தூசி படியாத பொருளே கிடையாது. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு கீபோர்டு, திரை இரண்டையும் துடைக்கிறேன். உடனே காய்ந்துவிடும், தண்ணீர் உள்ளே போகுமோ என்ற பயமும் இல்லை. இதுவரை ஒன்றும் ஆகவில்லை. தைரியமாகச் செய்யுங்கள்.

ஊட்டி_சர்வீஸ்
சார், கீபோர்டுக்கு நீங்கள் சொல்வது சரி. திரைக்கு வேண்டாம். மேட் திரையின் மேலே இருப்பது கண்ணாடி இல்லை. பிளாஸ்டிக் படலம், அதன் மேல் ஒளி கூசாமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சு. சில கம்பெனிகள் தங்கள் கையேட்டில் ஆல்கஹாலை அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. உங்கள் மாடலுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் அடுத்தவருக்குச் சொல்லாதீர்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் இரண்டும் எந்தத் திரைக்கும் ஆகாது. சானிடைசர் ஜெல்லில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், பிசுபிசுப்பு நின்றுவிடும்.

அக்கா, தைலமும் ஒரு கரைப்பான்தான். பசை, ஸ்டிக்கர் கறை எடுக்கத் தைலம் தேய்ப்பார்களே, அதே வேலையைச் சில பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் செய்துவிடும். முதலில் திரையில் இருப்பது எண்ணெய்ப் படிவா, பூச்சே போய்விட்டதா என்று பாருங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். ஈரத் துணி பட்டதும் படலம் நகர்ந்தால், வடிவம் மாறினால், அது வெறும் எண்ணெய். ஓரம் கூர்மையாக அப்படியே நின்றால் பூச்சு போயிருக்கிறது. அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

எண்ணெய் வெறும் தண்ணீருக்கு வராது. ஒரு டம்ளர் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து, அழுத்தாமல் மேலிருந்து கீழே இழுங்கள். அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு தடவை, கடைசியில் உலர்ந்த துணி. கீழ் விளிம்புக்கு வரும்போது கவனம். திரையில் நேராக ஸ்பிரே அடித்தால் தண்ணீர் வழிந்து அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே ஏறும். அணைத்திருக்கும்போது ஒன்றும் தெரியாமல், வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் மட்டும் மேகம் மாதிரி தெரிந்தால், ஈரம் உள்ளே போய்விட்டது என்று சந்தேகப்படலாம்.

கூடலூர்_தாத்தா
அந்தக் காலத்து டிவியை நாளிதழைக் கசக்கி, வினிகர் தெளித்துத்தான் துடைப்போம், பளிச்சென்று இருக்கும். பேரன் வாங்கிக் கொடுத்த புது டிவியையும் அப்படியே துடைத்தேன், பூராவும் கீறல். இப்போதெல்லாம் பொருளின் தரம் போய்விட்டது.

ஊட்டி_சர்வீஸ்
தரம் இல்லை தாத்தா, ஆளே வேறு. பழைய பிக்சர் ட்யூப் கனமான கண்ணாடி, காகிதம் அதை ஒன்றும் செய்யாது. புது டிவியில் பெரும்பாலும் அதே பிளாஸ்டிக் படலம்தான். நாளிதழ், டிஷ்யூ, முரட்டுத் துண்டு எதுவும் வேண்டாம். தூசியை ஈரம் படும் முன்பே தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் துணியோடு சேர்ந்து அதுவே கீறும். அந்தத் துணியை வாசனைக் கண்டிஷனர் போட்டுத் துவைக்கவும் கூடாது, அதன் பிசுக்கு திரையில் ஏறும்.

குன்னூர்க்காரி
சோப்புத் தண்ணீரில் துடைத்தாயிற்று. வானவில் முக்கால்வாசி போய்விட்டது. மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் பளபளப்பாக நிற்கிறது, அசையவே இல்லை. ஸ்பேஸ் பாரை 70 சதவீத ஆல்கஹால் தொட்ட காது பட்ஸால் துடைத்தேன். மேலே பிசுபிசுப்பு போயிற்று, ஆனால் அழுத்தினால் மெதுவாகத்தான் மேலே வருகிறது.

கோத்தகிரி_தேயிலை
அந்தப் பளபளப்பு பூஞ்சை தின்ற இடமாகவும் இருக்கலாம். எங்கள் பைனாகுலர் லென்ஸில் அப்படி ஆகியிருக்கிறது. மாமியாரை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

ஊட்டி_சர்வீஸ்
இருக்கலாம், நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. எப்படியானாலும் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பெரிதாகும். ஸ்பேஸ் பார் விஷயம், அடியில் இருக்கும் ரப்பர் குமிழ் தைலத்தில் ஊறி உப்பியிருக்கலாம். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். நீங்களே நெம்பாதீர்கள், கிளிப் உடைந்தால் சில மாடல்களில் கீபோர்டையே மாற்ற வேண்டியிருக்கும்.