அறை விழும் காட்சிக்கு 120 ஃபிரேம் தேவையா?

நிழல்சதுரம்: குறும்படம் ஒன்றில் மகன் முதல்முறையாக அப்பாவைக் கன்னத்தில் அறைகிறான். அந்த அடியை வினாடிக்கு 120 ஃபிரேமில் எடுத்து, 24ல் ஓட்டுகிறோம், அதாவது ஐந்து மடங்கு மெதுவாக. எடிட்டில் பார்த்தால் கனமே இல்லை, வெறும் பந்தாவாகத் தெரிகிறது. ஸ்லோமோஷனே தப்பா, வைத்த இடம் தப்பா?

நேர்கோடு: தூக்கிவிடுங்கள். அறை என்பது கண் சிமிட்டும் நேரத்தில் முடிகிற விஷயம். பார்ப்பவர் சுதாரிப்பதற்குள் விழுந்தால்தான் உறைக்கும். நீங்கள் மெதுவாக்கியதும் கை கிளம்பும்போதே எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிடுகிறது. மிச்ச நேரம் முழுக்க ஒளிப்பதிவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குவியம்: நேர்கோடு சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். ஆனால் இங்கே வேறொரு சிக்கலும் இருக்கும். நிஜமாக அடித்திருக்க மாட்டீர்கள், கை முகத்தை ஒட்டிப் போயிருக்கும். 24 ஃபிரேமில், 1/48 ஷட்டரில், கை ஒரு கலங்கலாக ஓடுவதால் அந்த இடைவெளி கண்ணில் படாது. 120ல் ஷட்டர் 1/240 ஆகிவிடும். விரல் ஒவ்வொன்றும் கூர்மையாகத் தெரியும், கன்னத்துக்கும் கைக்கும் நடுவே உள்ள வெளிச்சமும் தெரியும். அப்பாவாக நடித்தவர் அடி விழும் முன்பே தலையைத் திருப்பத் தொடங்கியிருந்தால் அதுவும் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்.

நிழல்சதுரம்: பார்த்தேன். கை வருவதற்கு மூன்று ஃபிரேம் முன்பே தலை திரும்புகிறது.

வெட்டுஒட்டு: இதற்கு ஏன் கவலை? எப்போதும் 120லேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் ஐந்தில் ஒரு ஃபிரேமை மட்டும் வைத்தால் சாதாரண வேகம் வந்துவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

குவியம்: வேகம் வரும், அசைவு சரியாக வராது. ஒவ்வொரு ஃபிரேமும் 1/240ல் எடுத்தது, கலங்கலே இருக்காது. கை தாவித் தாவிப் போகிற மாதிரி இருக்கும். பிறகு மென்பொருளில் கலங்கல் சேர்க்கலாம், ஆனால் முகத்தின் மேல் கை கடக்கும் இடத்தில் விளிம்புகள் பிசிறடிக்கும். தவிர, 24ஐவிட 120க்கு ஐந்து மடங்கு வெளிச்சம் வேண்டும். மொத்தப் படத்தையும் அப்படி எடுத்தால் நடிகர்கள் விளக்கு வெக்கையில்தான் நடிக்கணும்.

திரைவாசி: தியேட்டரில் 48 ஃபிரேமில் ஒரு படம் பார்த்தேன், டிவி சீரியல் மாதிரி இருந்தது. அதனால்தான் உங்களுக்கும் நாடகத்தனமாகத் தெரிகிறதோ?

குவியம்: அது 48ல் எடுத்து 48லேயே ஓட்டுவது, நேரம் மாறாது. இவர் ஓட்டுவது 24ல்.

மின்னல்கீற்று: எனக்கு ஒரு சந்தேகம். வீட்டு எல்இடி விளக்கில் 120ல் எடுத்தேன், படம் முழுக்க வெளிச்சம் துடிக்கிறது. கேமரா பழுதா?

குவியம்: உங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 120ஓடு அது ஒத்துப்போகாது. 24ல் ஓட்டும்போது வினாடிக்கு நாலு தடவை துடிக்கும். 100 ஃபிரேமில், ஷட்டரை 1/100 வைத்து எடுத்துப் பாருங்கள், அடங்கிவிடும். கேமராமேல் குற்றமில்லை.

நேர்கோடு: சரி, குவியம், எங்கேதான் மெதுவாக்கலாம் என்கிறீர்கள்?

குவியம்: கண்ணால் பிடிக்க முடியாத ஒன்று அந்தக் கணத்தில் இருக்க வேண்டும். குரோசாவாவின் செவன் சாமுராய் (1954) தொடக்கத்தில், குடிசைக்குள் வெட்டுப்பட்ட திருடன் வெளியே வந்து மெதுவாகச் சரிவான். பார்த்து நிற்கும் ஊர்க்காரர்கள் இயல்பான வேகத்தில் இருப்பார்கள். வெட்டு நம் கண்ணில் படவே இல்லை. சாவு மட்டும் நீள்கிறது. நிழல்சதுரம், உங்கள் காட்சியிலும் அடியை 24ல் விடுங்கள். அடித்தபின் மகன் தன் கையைப் பார்க்கிறான் என்றால், கண் அப்பாவிடமிருந்து கைக்கு இறங்கும் அந்த அரை வினாடியை 48ல் எடுங்கள். ஒரு வினாடியாகும். அவன் செய்ததை அவனே உணர்வது அங்கேதான் இருக்கிறது. அந்த ஷாட்டில் யாரும் பேசக்கூடாது, உதடு அசைந்தால் வேகம் காட்டிக்கொடுத்துவிடும்.

நேர்கோடு: அரை வினாடியில் அதைக் காட்ட நல்ல நடிகரால் முடியும். முடியாதென்றால் நேரம் கொடுத்து அவரை இன்னும் மெதுவாகக் கண்ணை இறக்கச் சொல்லுங்கள்.

குவியம்: வேண்டுமென்றே மெதுவாக இறக்கினால் யோசித்துச் செய்கிறான் என்று ஆகிவிடும். இங்கே அவன் யோசிக்கவில்லையே. 48ல் எடுத்தால் இமை, மூச்சு, தோள் எல்லாம் ஒரே அளவில் கனக்கும். நடிகர் வேகத்தை மாற்றினால் கண் மட்டும் மாறும்.

நேர்கோடு: அதுவும் சரிதான். ஆனாலும் 24ல் ஒரு டேக் எடுக்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

நிழல்சதுரம்: ஞாயிறு ரீஷூட். அடி 24ல்தான், கேமராவை அப்பாவின் தோளுக்குப் பின்னால் வைத்து இடைவெளியை மறைக்கிறோம். கையைப் பார்ப்பது 24ல் இரண்டு டேக், 48ல் இரண்டு டேக். எடிட் செய்து இரண்டையும் இங்கே போடுகிறேன்.