திரைப்பதிவில் பாடல் இரட்டிப்பாகக் கேட்கிறது, நடுவே புலனச் செய்தி வேறு

தோட்டத்து ஆசிரியை, சுங்கை சிப்புட்: வணக்கம். நான்காம் ஆண்டு மாணவர்களுக்காக எழுத்துப் பாடல் செயலி ஒன்றைத் திரைப்பதிவு செய்கிறேன். சாம்சங் கைப்பேசி, ஆண்ட்ராய்டு 13. முதலில் Media sounds வைத்தேன். என் குரலே பதியவில்லை. Media sounds and mic என்று மாற்றியதும் பாடல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இரண்டு முறை கேட்கிறது. போதாக்குறைக்கு, ழகரம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் "நாளை தண்ணீர் வராது" என்று தோட்டப் புலனக் குழுச் செய்தி திரையின் மேலே வந்து நிற்கிறது. மூன்று மாலைகள் போய்விட்டன.

பஹாவ் தம்பி: டீச்சர், விமானப் பயன்முறையைப் போடுங்கள். எந்தச் செய்தியும் வராது.

தோட்டத்து ஆசிரியை: தம்பி, பாடல்கள் இணையத்தில்தான் ஓடுகின்றன. வைஃபையைத் திறந்தால் புலனமும் வந்துவிடுகிறதே.

கைப்பேசி பழுதுபார்ப்பவர்: அம்மா, நீங்கள் கடைசியாக வைத்த தெரிவுதான் சரி. பாடல் கைப்பேசிக்குள்ளேயே ஒருமுறை பதிகிறது. அதே பாடல் ஒலிபெருக்கி வழியாக வெளியே வந்து, மைக்கில் சற்றுத் தாமதமாக மறுபடியும் நுழைகிறது. கம்பி இயர்போனைச் செருகிவிடுங்கள், வெளியே ஒலி வராது. பிறகு வாய் திறக்காமல் பத்து விநாடி பதிந்து கேளுங்கள். பாடல் ஒற்றையாக வந்தால் காரணம் இதுதான். பேசும்போது இயர்போனில் உள்ள சிறிய மைக் சட்டையில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்திக்கு Do not disturb போட்டால் மட்டும் போதாது. ஒலி அடங்கும், பட்டை திரையில் வரலாம். அதே பக்கத்தில் Hide notifications என்பதற்குள் போய் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். Repeat callers திறந்திருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பதினைந்து நிமிடத்துக்குள் ஒருவரே இரண்டாம் முறை அழைக்கும்போது மணி அடித்துவிடும்.

தைப்பிங் அக்கா: என் ஐபோனிலும் குரல் பதியவில்லை. கட்டுப்பாட்டு மையத்தில் பதிவு வட்டத்தை அழுத்திப் பிடித்த பிறகுதான் மைக் பொத்தான் கண்ணில் பட்டது. ஆசிரியையும் அப்படிச் செய்து பார்க்கலாமே?

கைப்பேசி பழுதுபார்ப்பவர்: அக்கா, அது ஐபோனுக்குச் சரி. இவருடையது ஆண்ட்ராய்டு.

பஹாவ் தம்பி: அண்ணா, புலன அழைப்பில் நடக்கும் வகுப்பையும் இப்படியே பதியலாமா?

கைப்பேசி பழுதுபார்ப்பவர்: படம் பதியும் தம்பி. எதிர்முனைக் குரலை உள்ளொலியாக எடுக்க ஆண்ட்ராய்டு விடாது. பாடல், காணொலி, விளையாட்டு ஒலிகளுக்குத்தான் அந்த வழி.

தோட்டத்து ஆசிரியை: ஐயா, நன்றி! இயர்போனைச் செருகியதும் பாடல் தெளிவாக, ஒரே ஒலியாக வந்தது. செய்திகளை மறைத்துவிட்டு முதல் பாடத்தை முழுதாகப் பதிந்தேன், ஒரு பட்டைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் கதை சொல்லும் வேறொரு செயலியைப் பதிந்தால் என் குரல் மட்டும் இருக்கிறது, கதை ஊமையாகிவிடுகிறது. அமைப்பு எதையும் மாற்றவில்லை.

கைப்பேசி பழுதுபார்ப்பவர்: தன் ஒலியை மற்றவை பதியக் கூடாது என்று செயலியே தடுத்துவைக்க முடியும் அம்மா. அப்படியென்றால் உங்கள் பக்கம் மாற்ற எதுவும் இல்லை. இயர்போனைக் கழற்றிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் ஒலிபெருக்கியில் விட்டு மைக் வழியாகப் பிடித்துப் பாருங்கள். ஒலி சற்று மங்கும். எந்தச் செயலி அது?