நிற்கும் லாரிக்கு இரவு முழுவதும் ‘வெளியேறியது’ எச்சரிக்கை: அவசர உதவி தேவை

நாமக்கல்_செட்டு:
எங்கள் லாரிகளில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது, லாரி செட்டைச் சுற்றி வரைபடத்தில் பலகோண எல்லை போட்டிருக்கிறேன். வண்டி உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் முதலாளிக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். நேற்று இரவு ஒரே வண்டிக்கு 46 எஸ்எம்எஸ் போயிருக்கின்றன. வண்டி அசையவே இல்லை, ஓட்டுநர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். முதலாளி காலையிலிருந்து என்னைத்தான் பார்க்கிறார். நிரலில் என்ன தவறு?

வரைபடப்_பித்தன்:
நிரலைக் காட்டாமல் தவறு என்ன என்றால் எப்படிச் சொல்வது? ஆனாலும் பந்தயம் கட்டுகிறேன், அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றியிருப்பீர்கள். ஜியோஜேசனில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விழும் குழி இது.

கண்மணி_இரா:
அப்படி மாற்றியிருந்தால் நாமக்கல்லின் 11.2, 78.2 ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்துக் கடலில் போய் விழும். வண்டி ஒருநாளும் ‘உள்ளே’ வராது, ஒரு எஸ்எம்எஸ்கூடப் போயிருக்காது. இங்கே தொல்லை நேர்மாறானது. நாமக்கல், கருவி எத்தனை நொடிக்கு ஒருமுறை இடத்தை அனுப்புகிறது? செட்டு எவ்வளவு பெரியது? பலகோணத்தை எந்தக் கோட்டில் வரைந்தீர்கள்? அந்த இரவின் பதிவில் நாலு வரி போடுங்கள்.

பள்ளி_வேன்:
எனக்கும் இதே பிரச்சினை! எங்கள் வேன் நிறுத்தத்தைக் கடந்து போய்விடுகிறது, ஆனால் பெற்றோருக்குத் தகவல் போவதே இல்லை.

மூத்தவர்_77:
இதே பிரச்சினை இல்லை, தலைகீழான பிரச்சினை. படித்துவிட்டு எழுதுங்கள். கேள்வி கேட்ட தம்பிக்கும் சொல்கிறேன்: புள்ளி பலகோணத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் நிரலை நீங்களே எழுதியிருப்பீர்கள். இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன், சக்கரத்தை மறுபடி கண்டுபிடிக்காதீர்கள். போஸ்ட்ஜிஐஎஸ் போடுங்கள், `ST_Contains` என்று கேளுங்கள், வேலை முடிந்தது.

நாமக்கல்_செட்டு:
மன்னிக்கவும், கல்லாவில் உட்கார்ந்துகொண்டே எழுதினேன். 30 நொடிக்கு ஒருமுறை. செட்டு 70 மீட்டருக்கு 40 மீட்டர். பலகோணம் சரியாகக் காம்பவுண்டு சுவர் மேலேயே. வண்டிகளைச் சுவரை ஒட்டித் தகரக் கொட்டகையில்தான் நிறுத்துவோம்.

```python
inside = point_in_polygon(lat, lon, fence)
if inside != last[vid]:
    send_alert(vid, inside)
    last[vid] = inside
```

```
23:41:10  in   spd 0  sat 9
23:41:40  out  spd 0  sat 5
23:42:10  out  spd 1  sat 5
23:42:40  in   spd 0  sat 8
```

கண்மணி_இரா:
இதைத்தான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். நிரல் பொய் சொல்லவில்லை, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறது. வேகம் பூஜ்யம், ஆனால் செயற்கைக்கோள் 9 இலிருந்து 5 ஆகக் குறைந்ததும் புள்ளி சுவரைத் தாண்டிக் குதிக்கிறது. தகரக் கூரை பாதி வானத்தை மறைக்கிறது. மீதி சமிக்ஞை சுவரிலும் பக்கத்து வண்டியிலும் பட்டுத் தெறித்துச் சுற்றி வருகிறது. திறந்த வெளியில் ஐந்து மீட்டர் பிழை காட்டும் கருவி இப்படிப்பட்ட இடத்தில் முப்பது மீட்டர் விலகும். உங்கள் வண்டி நிற்பதோ கோட்டிலிருந்து நாலைந்து மீட்டரில்.

டீசல்_கணேசன்:
எதற்கு இவ்வளவு யோசனை? இக்னிஷன் கம்பியைக் கருவியில் இணைத்திருப்பார்களே. இக்னிஷன் அணைந்திருந்தால் எச்சரிக்கையே அனுப்பாதே என்று ஒரு வரி போடுங்கள். எங்கள் வண்டிகளில் ஆறு மாதமாகச் சத்தம் இல்லை.

கண்மணி_இரா:
பாதி சரி அண்ணா. ஆனால் கிரேன் வைத்து இழுத்துக்கொண்டு போனால் இக்னிஷன் அணைந்துதான் இருக்கும். முதலாளிக்கு எஸ்எம்எஸ் கட்டாயம் போக வேண்டிய இரவு அதுதான்.

டீசல்_கணேசன்:
பதினெட்டு டன் ஏற்றிய லாரியை யார் இழுத்துக்கொண்டு போவார்கள்?

வரைபடப்_பித்தன்:
கடன் தவணை கட்டாவிட்டால் இழுப்பார்கள்.

மூத்தவர்_77:
நான் சொன்ன போஸ்ட்ஜிஐஎஸ்ஸை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையால் எழுதிய கதிர் சோதனையில் புள்ளி ஒரு முனைக்கு நேராக வந்தால் இரண்டு தடவை எண்ணிவிடும். தெரியுமா?

வரைபடப்_பித்தன்:
ஒரு பக்கம் `>` என்றும் மறுபக்கம் `<=` என்றும் ஒப்பிட்டால் எண்ணாது. பத்து வரி நிரல் ஐயா. நாற்பது லாரிக்கும் ஒரே ஒரு செட்டுக்கும் தரவுத்தளச் சர்வர் ஏற்றுவது எலி பிடிக்க யானை வாங்குவது போல.

மூத்தவர்_77:
நாளைக்கு நானூறு லாரி வரும்போது தெரியும்.

கண்மணி_இரா:
இருவரும் வேறு இழை திறந்து சண்டை போடுங்கள். `ST_Contains` வைத்தாலும் இதே 46 எஸ்எம்எஸ்தான் போயிருக்கும், தவறான புள்ளியைத்தான் அதுவும் சரியாகச் சோதிக்கும்.

நாமக்கல், உள்ளே வருவதற்கு ஒரு கோடு, வெளியே போவதற்கு வேறு கோடு வேண்டும். வழக்கமாக உள்பக்கமும் இருபது மீட்டர் தள்ளிக் கோடு போடுவார்கள். உங்கள் செட்டின் அகலமே 40 என்பதால் உள்ளே இடமே மிஞ்சாது, நடுவில் வெறும் கோடாகிவிடும், ஓரத்தில் நிற்கும் வண்டி ‘உள்ளே’ வந்ததாகவே ஆகாது. ஆகவே உள்ளே வரச் சுவர்க்கோடே போதும். வெளியே போனதாகச் சொல்ல மட்டும் சுவரிலிருந்து 50 மீட்டர் தாண்ட வேண்டும், அதுவும் தொடர்ந்து மூன்று புள்ளிகள்.

```python
if inside:
    want = "IN"
elif dist_m > 50:
    want = "OUT"
else:
    want = s.state
s.count = s.count + 1 if want != s.state else 0
if s.count >= 3:
    s.state, s.count = want, 0
    send_alert(vid, want, fix_time)
```

`dist_m` என்பது பலகோணத்தின் மிக அருகிலுள்ள விளிம்புக்கான தூரம், மீட்டரில். டிகிரியில் கணக்கிட்டுவிடாதீர்கள். `s` ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்க வேண்டும், கோப்பிலோ அட்டவணையிலோ எழுதி வையுங்கள். நினைவகத்தில் மட்டும் வைத்தால் சர்வர் மறுபடி தொடங்கும்போது நிலையெல்லாம் அழிந்து, எல்லா வண்டியும் ஒன்றாக ‘உள்ளே வந்ததாக’ எஸ்எம்எஸ் பறக்கும். இதற்கு விலை தாமதம்: உண்மையிலேயே புறப்பட்ட வண்டிக்குச் செய்தி ஒன்றரை நிமிடம்வரை பிந்தும்.

பள்ளி_வேன்:
என் கேள்வி?

கண்மணி_இரா:
உங்கள் கருவியும் 30 நொடி என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 500 மீட்டர் ஓடியிருக்கும். நிறுத்தத்துக்கு நூறு மீட்டர் வட்டம் போட்டிருந்தால் வேன் அதைத் தாண்டிக் குதிக்கிறது. புள்ளியைச் சோதிக்காமல், முந்தைய புள்ளியையும் இப்போதைய புள்ளியையும் இணைக்கும் கோடு எல்லையை வெட்டுகிறதா என்று பாருங்கள். வளைவான சாலையில் அதுவும் தவறலாம், இடைவெளியைக் குறைப்பது நல்லது.

நாமக்கல்_செட்டு:
போட்டாயிற்று. இரண்டு இரவுகளாகச் சத்தமே இல்லை, நன்றி அக்கா. இரண்டு சந்தேகம். எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடை, சுவரிலிருந்து 25 மீட்டர். அங்கே வண்டியை நிறுத்தினால் எஸ்எம்எஸ் வருவதில்லை, முதலாளிக்கு அது முக்கியமாம். இன்னொன்று, இரவு 11 மணிக்குப் போன வண்டிக்கு 3 மணிக்கு ‘வெளியேறியது’ என்று வந்தது.

கண்மணி_இரா:
டீக்கடையை இந்தக் கருவி பிரித்துச் சொல்லாது. பிழையே முப்பது மீட்டர் இருக்கும்போது 25 மீட்டரை எப்படி நம்புவது? வாசலில் கேமராவோ காவலாளியோதான் வழி. மூன்று மணி விஷயத்துக்கு, கருவி இடத்தைப் பிடித்த நேரத்தையும் உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பியிருந்தால், எஸ்எம்எஸ்ஸில் பிடித்த நேரத்தையும் எழுதிவிட வேண்டும். வண்டி எந்தப் பக்கம் போனது?

டீசல்_கணேசன்:
கொல்லிமலைப் பக்கம் போயிருந்தால் சிக்னல் இருக்காது.

வரைபடப்_பித்தன்:
அல்லது சர்வரின் நேர மண்டலம் தவறாக இருக்கும்.

கண்மணி_இரா:
நேர மண்டலம் என்றால் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம் இருக்க வேண்டும், இங்கே நாலு. நாமக்கல், அந்த இரண்டு நேரங்களையும் போடுங்கள்.

மூத்தவர்_77:
ஒரு வாரமாகப் பதில் இல்லை. வேலை முடிந்ததும் மறைந்துவிட்டார்.

பள்ளி_வேன்:
கோடு வெட்டும் முறை வேலை செய்கிறது. ஆனால் இப்போது பக்கத்துத் தெருவில் போனாலும் தகவல் போகிறது.