முகம் பென்சிலில், புடவை ஆயில் பெயிண்டில்: எல்லையில் சிக்கிய படம் உங்களுக்கும் உண்டா?

கரிக்கோடு
அறுபதாம் கல்யாண ஃபிரேம். அம்மாவின் முகம் பென்சில் ஸ்கெட்ச், பட்டுப்புடவை ஆயில் பெயிண்ட் என்று கேட்டார்கள். ஸ்கெட்ச்சை கிம்ப்பில் எடுத்தேன், ஆயிலை ஒரு மொபைல் ஆப்பில். மேலே ஸ்கெட்ச், கீழே ஆயில். ஸ்கெட்ச் லேயரின் மாஸ்க்கில் கறுப்பு பூசி, அங்கே ஸ்கெட்ச்சை மறைத்து, கீழே உள்ள புடவையைத் திறந்தேன். எல்லாம் அழகு, கழுத்துச் சங்கிலியைத் தவிர. பென்சிலில் ஒரு சங்கிலி, அதற்கு ஒரு நூல் மேலே பெயிண்டில் இன்னொன்று. அவர் மகள் வந்ததும் நேரே அங்கேதான் விரல் வைத்தார். அந்த விரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஸ்டூடியோ தம்பி
மாஸ்க் ஓரத்தை மங்கலாக்கும் ஃபெதர் பத்தவில்லை அண்ணே. 40 பிக்சல் கொடுங்கள், கரைந்துவிடும். எனக்கு ஒரு மாப்பிள்ளை படத்தில் சட்டைக் காலர் அப்படித்தான் சரியானது.

பழைய தூரிகை
தம்பி சொல்வது போட்டோவோடு போட்டோ சேர்க்கும்போது சரி. இங்கே மாஸ்க் சாம்பலாக இருக்கும் இடத்தில் பென்சில் கோடு பாதி வெளுக்கும், பெயிண்ட் பாதி கழுவப்படும். இரண்டுமில்லாத ஒரு பனிமூட்டப் பட்டை வரும். கோயில் கோபுரப் படம் ஒன்றில் அந்தப் பட்டையை ஏ3 பிரிண்டில் பார்த்தேன். திரையில் தெரியவே இல்லை.

கரிக்கோடு, முதலில் அளவைப் பாருங்கள். 3000×4000 படம் ஆப்பிலிருந்து 1080×1440 ஆகத் திரும்பினால் விகிதம் சரி. 1438 என்றால் எங்கோ இரண்டு பிக்சல் வெட்டிவிட்டது. பெரிதாக்கினால் அதுவே ஏறக்குறைய ஆறாகும். மாஸ்க்கை அணைத்து, ஸ்கெட்ச் லேயரை Multiply-இல் போடுங்கள். வெள்ளைத்தாள் மறைந்து கோடு மட்டும் பெயிண்ட் மேல் நிற்கும். கண் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் விலகல் அப்பட்டமாகத் தெரியும்.

அப்புறம் எல்லை. மாஸ்க்கைக் கறுப்பு, வெள்ளை என்றே வையுங்கள். ஓரத்தைச் சாக்பீஸ் மாதிரி சொரசொரப்பான பிரஷ்ஷால், மடிப்பு போகும் திசையிலேயே உடையுங்கள். ஏற்கெனவே ஃபெதர் கொடுத்திருந்தால் மாஸ்க் மேல் நாய்ஸ் சேர்த்து Threshold போட்டால் சாம்பல் போய்விடும்.

மதுரை மல்லி
நான் கறுப்பு வெள்ளையில் குங்குமத்தை மட்டும் சிவப்பாக விட்டேன், மாமியார் இன்னும் பேசுகிறார். மாஸ்க் ஏன்? அழிப்பான் போதாதா?

பழைய தூரிகை
அது ஒரே கன்வர்ஷன் அம்மா, கோடு விலகாது. ஆனால் அழித்தது திரும்பாது. மாஸ்க்கில் வெள்ளை பூசினால் திரும்பும்.

கரிக்கோடு
பார்த்தேன், 1438தான். மேல்பக்கம் வெட்டியிருக்கிறது. ஆயிலை அகலத்துக்குச் சரியாகப் பெரிதாக்கி, உயரத்தை இழுக்காமல் கீழ் ஓரத்தோடு பொருத்தினேன். சங்கிலி ஒன்றாகிவிட்டது. தோளில் விழும் முடிக்கற்றைதான் பாக்கி: பென்சிலில் இழை இழையாக இருக்கிறது, ஆயிலில் ஒரே திட்டு. எதைத் திறந்தாலும் பாதியில் அறுந்த மாதிரி தெரிகிறது.

ஸ்டூடியோ தம்பி
முடிக்கு மட்டும் ஃபெதர் போடுங்கள் அண்ணே, அங்கே நான் விடமாட்டேன்.

பழைய தூரிகை
முடி முழுக்கப் பென்சிலுக்கே விட்டுவிடுங்கள். எனக்கு வேறு வழி அகப்படவில்லை.