நான்கு புகைப்படங்களும் பன்னிரண்டு முகங்களும்

வரைகோல்:
எங்கள் வாட்ஸ்அப் குழுத் தோழி ஒருத்தி வேலைக்காக மஸ்கட் போகிறாள். அவள் முகபாவங்களை ஸ்டிக்கர்களாக வரைந்து கொடுத்தேன். கையில் இருந்தவை 4 படங்கள்: சிரிப்பு இரண்டு, பக்கவாட்டு முகம் ஒன்று, தூக்கக் கலக்கத்தில் ஒன்று. கோபமும் அழுகையும் எதிலும் இல்லை.

முதலில் படத்தின் மேலேயே கோடு இழுத்தேன். சாயல் வந்தது, உயிர் வரவில்லை. படங்களை மறுபடி உற்றுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: சிரிக்கும்போது இடது புருவம் மட்டும் ஏறுகிறது, கீழுதட்டின் ஓரம் மடிகிறது. தலை, கொண்டை இரண்டையும் ஒரே அடுக்கில் ஒருமுறை வரைந்து வைத்தேன். கண்ணாடி, புருவம், இமை, வாய் மட்டும் தனித்தனி அடுக்குகள். அவற்றை மாற்றி மாற்றி 12 முகங்கள் கிடைத்தன. கோபத்துக்குக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதன் மேலாகப் பார்க்க வைத்தேன். அது படத்தில் இல்லை. வகுப்பில் பார்த்த நினைவு.

குழுவில் போட்டதும் ஒரு சிக்கல். இருண்ட திரை வைத்திருந்தவர்களுக்குக் கருங்கூந்தல் பின்னணியோடு கலந்து, முகம் மட்டும் முகமூடி போல மிதந்தது. உருவத்தைச் சுற்றி 8 பிக்சல் தடிமனில் வெள்ளைக் கோடு போட்ட பிறகே சரியானது.

மாடிவீடு:
எவ்வளவு பெரிதாக வைக்கிறோமோ அவ்வளவு தெளிவு. நான் எப்போதும் 1024 பிக்சலில் சேமிப்பேன்.

வரைகோல்:
வரைவதற்குப் பெரிய அளவு நல்லதுதான். ஆனால் வாட்ஸ்அப்புக்குப் போகும் கோப்பு 512க்கு 512, `.webp`, 100 கேபிக்குள் இருக்க வேண்டும். கைபேசியில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அங்கே சிரிப்பா அழுகையா என்று குழம்பினால் வாயை இன்னும் பெரிதாக்க வேண்டும்.

பழைய கேமரா:
நான் வரையவில்லை, தம்பியின் படங்களையே வெட்டினேன். எல்லாம் குழுவில் வந்து சுருங்கிய படங்கள். பச்சைச் சுவரின் முன் நின்றிருந்ததால் முடி ஓரமெல்லாம் பச்சை படிந்துவிட்டது. மூலப் படங்களை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி, ஓரத்தை இரண்டு பிக்சல் உள்ளே தள்ளி வெட்டியதும் பெரும்பாலும் போய்விட்டது. காதருகே இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேன்மொழி:
அவளிடம் முன்பே கேட்டீர்களா அக்கா? என் அழுமூஞ்சி ஸ்டிக்கர் ஒன்று அலுவலகக் குழு வரை போய்விட்டது. அன்று எனக்கு மிகவும் வலித்தது.

வரைகோல்:
கேட்கவில்லை அம்மா, அது என் தவறு. தூங்குமூஞ்சியை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். அதற்குள் இருவர் தங்களுக்குப் பிடித்தவற்றில் சேமித்திருந்தார்கள். நான் நீக்கினாலும் அவர்களிடம் அது போகாது. இருவரையும் அழைத்துப் பேசினேன். ஒருவர் உடனே அழித்துவிட்டார். இன்னொருவரின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.