ஹீமோகுளோபின் சரி, ஃபெரிட்டின் குறைவு: கால் குடைச்சலுக்கு இரும்பு எடுத்தவர்கள் உண்டா?

பொழுது சாய்ந்தால் அம்மாவால் கால்களை அசைக்காமல் இருக்க முடியவில்லை. வலி இல்லை, உள்ளே ஏதோ ஊர்வது போன்ற குடைச்சல். எழுந்து நடந்தால் அடங்குகிறது, படுத்தால் திரும்ப வருகிறது.

ஹீமோகுளோபின் 12.6, அதில் குறையில்லை. ஆனால் நரம்பியல் மருத்துவர், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொன்னார். அது 22 நானோகிராம்தான். ரத்தத்துக்குப் போதுமான இரும்பு இருந்தாலும், சேமிப்பு குறைந்தால் மூளைக்குப் போதாமல் போகலாமாம். உடல் அசைவைக் கட்டுப்படுத்த உதவும் டோபமைனை நரம்பு செல்கள் தயாரிக்க இரும்பு வேண்டும். அந்த டோபமைனின் வேலை மாலையில் தணிவதால்தான் அப்போது குடைச்சல் கூடுகிறது என்றார். இந்தத் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுப்பார்களாம்.

சரி, மாத்திரை தொடங்கியாயிற்று. அம்மாவுக்குத்தான் வயிற்றைப் புரட்டுகிறது, பாவம். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்களுக்கு அது குறைந்ததா? குடைச்சல் தணிய எத்தனை வாரம் ஆயிற்று? மாத்திரை ஒத்துவராமல் ஊசி வழியாக இரும்பு ஏற்றிக்கொண்டவர்களும் சொல்லுங்கள்.