மாடிக்குப் போனால் கடைக் கேமரா திறக்கவில்லை: ஐபி முகவரிச் சிக்கல்

கீழே கடை, மேலே வீடு. கடைக் கேமராவில் அனுமதிப் பட்டியல் வைத்திருக்கிறேன். அதில் உள்ள ஐபி முகவரிகளுக்கு மட்டுமே படம் தரும். அதனால் என் ஆண்ட்ராய்டு 13 கைபேசிக்கு மாறாத முகவரி தேவை. மூன்று வாரங்களாகப் போராடுகிறேன்.

முதலில் கைபேசியிலேயே 192.168.1.50 என்று நிலையாக எழுதினேன். அது கடை ரவுட்டர் தானாக வழங்கும் 2 முதல் 200 வரையிலான வரிசைக்குள் இருந்ததைக் கவனிக்கவில்லை. பில் பிரிண்டருக்கும் அதே முகவரி போய், இரண்டும் மாறி மாறித் துண்டித்தன. என் தவறுதான்.

பிறகு ரவுட்டரில் கைபேசியின் மேக் முகவரிக்கு 192.168.1.201 ஒதுக்கினேன். அதுவும் நிற்கவில்லை, கைபேசி தன் உண்மையான மேக் முகவரியை மறைத்துப் போலியான ஒன்றைக் காட்டியதுதான் காரணம். வைஃபை அமைப்பில் `Use device MAC` தேர்ந்தெடுத்த பின் கடையில் சிக்கலே இல்லை.

மாடியில் மட்டும் கேமரா மறுக்கிறது. அங்கே இரண்டாவது ரவுட்டர் இருக்கிறது. கடையிலிருந்து வரும் கேபிள் அதன் `WAN` துளையில் செருகப்பட்டுள்ளது. அங்கே கைபேசிக்கு 192.168.0.x முகவரி கிடைக்கிறது. கேமராவுக்குத் தெரிவதோ மாடி ரவுட்டரின் முகவரி. அதையே பட்டியலில் சேர்த்தால் வீட்டில் உள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் கதவு திறந்துவிடும்; அது வேண்டாம்.

மாடி ரவுட்டர் பழையது, `Access Point` வசதி இல்லை. அதில் `DHCP`-ஐ நிறுத்தி, அதன் முகவரியை 192.168.1.202 ஆக்கி, கேபிளை `LAN` துளைக்கு மாற்றினால், இரண்டு தளங்களிலும் கைபேசிக்கு 201 நிலைக்குமா?